அறைக்கு எத்தனை டைல்ஸ்? சதுரடிக் கணக்கும் துண்டுக் கணக்கும்

தரைக்கு டைல்ஸ் வாங்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குதான் போடப்படுகிறது. அறையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் சதுரடி கிடைக்கும். அதை ஒரு டைல்ஸின் சதுரடியால் வகுத்து, வேஸ்டேஜ் என்று 10 சதவீதம் சேர்த்துக் கடையில் சொல்வது வழக்கம். இந்தக் கணக்கு தரையின் பரப்பை மட்டும் பார்க்கிறது. தரையில் டைல்ஸ் துண்டு துண்டாகத்தான் பதிகிறது. ஓரத்தில் விழும் துண்டு எவ்வளவு அகலம், அதை வெட்டிய பின் மிஞ்சுவது வேறு எங்காவது பயன்படுமா என்பதைப் பொறுத்தே உண்மையான எண்ணிக்கை அமையும். ஒரே அளவுள்ள அறை, பதிக்கும் முறை மாறினால் 40 டைல்ஸிலும் முடியலாம், 48 டைல்ஸும் கேட்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் 14 அடிக்கு 11 அடி அறை ஒன்றையும், ‘இரண்டுக்கு இரண்டு’ என்று சொல்லப்படும் விட்ரிஃபைட் டைல்ஸையும் வைத்துக் கணக்கிட்டால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும்.

இரண்டடி டைல்ஸ் இரண்டடி இல்லை

பேச்சில் இரண்டடி என்றாலும் இந்த டைல்ஸின் அளவு 60 செ.மீ. இரண்டடி என்பது கிட்டத்தட்ட 61 செ.மீ. ஒரு செ.மீ. குறைவது ஒரு டைல்ஸில் தெரியாது, ஏழு டைல்ஸை வரிசையாக வைத்தால் தெரியும். பெட்டிக் கணக்கிலும் இதே வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஒரு பெட்டியில் 4 டைல்ஸ் இருக்கும். இரண்டடி என்று நினைத்தால் பெட்டிக்கு 16 சதுரடி வரும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதோ 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுரடி. முப்பது பெட்டி வாங்கும் வீட்டில் இந்த அரை சதுரடி வித்தியாசம் 15 சதுரடியாகி, ஒரு பெட்டி குறைவதில் போய் முடியும்.

எடுத்துக்கொண்ட அறையின் பரப்பு 154 சதுரடி. இரண்டடி என்று எண்ணி 4-ஆல் வகுத்தால் 38.5 டைல்ஸ் வரும். உண்மை அளவில் வகுத்தால் 39.7, அதாவது 40. ஒரு துண்டுகூட வீணாகாமல், ஒன்றுகூட உடையாமல் பதித்தாலும் இதற்குக் குறைந்து அந்தத் தரையை மூட முடியாது. 40 என்பது கணக்கின் அடிமட்டம். வெட்டுக் கழிவு, உடைசல், ஸ்கர்ட்டிங் எல்லாம் இதன்மேல்தான் ஏறுகின்றன.

அளவெடுப்பு

வரைபடத்தில் உள்ள அளவு டைல்ஸ் கணக்குக்கு உதவாது. சுவர்ப் பூச்சு முடிந்த பிறகு, பூச்சிலிருந்து பூச்சுக்கு டேப் பிடித்து எடுத்த அளவுதான் வேண்டும். இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சு ஏறினாலே அறை ஒரு அங்குலம் சுருங்கிவிடும். நீளத்தை இரு சுவர் ஓரங்களிலும் நடுவிலும் மூன்று முறை எடுத்து, அதில் பெரியதைக் கணக்குக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்து மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட, எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடிப்பது நம்பகமானது. 14-க்கு 11 அறையில் இரண்டு மூலைவிட்டங்களும் 17 அடி 9¾ அங்குலம் அளவில் ஒத்து வர வேண்டும். ஒன்று நீண்டு மற்றொன்று குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது என்று பொருள். கோணலான அறையில் ஓரத்துண்டு ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் விழும். அகலமான முனையை வைத்தே துண்டைக் கணக்கிட வேண்டும்.

இங்கே எடுத்த அறை கோணல் இல்லாதது என்று கொள்ளலாம். அதன் நீளம் 426.7 செ.மீ., அகலம் 335.3 செ.மீ. டைல்ஸுக்கு இடையே 2 மி.மீ. ஜாயின்ட், சுவரை ஒட்டி இரு பக்கமும் 5 மி.மீ. இடைவெளி. இந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும்.

நேர் பதிப்பு: ஒரே அறை, மூன்று விதம்

மேஸ்திரி ஒரு மூலையிலிருந்து முழு டைல்ஸாக ஆரம்பித்தால் என்ன ஆகும்? 14 அடி நீளத்துக்கு ஏழு இரண்டடி டைல்ஸ் சரியாகப் போதும் என்று மனக்கணக்கு சொல்லும். தரையிலோ ஏழு டைல்ஸ் முடிந்த பிறகும் சுவருக்கு முன்னால் 4 செ.மீ. சொச்சம் காலியாகக் கிடக்கும். அகலவாட்டில் 5 முழு டைல்ஸுக்குப் பிறகு 33 செ.மீ. துண்டு ஒன்று வேண்டும். ஆகவே 7 வீதம் 6 வரிசை, 42 டைல்ஸ். அந்த 4 செ.மீ. பட்டையை, 33 செ.மீ. துண்டுகளை வெட்டியபோது மிஞ்சியதிலிருந்தே எடுத்துவிடலாம். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இரண்டு விரல் அகலத்தில் சுவரோரம் ஓடும் பட்டை கண்ணை உறுத்தும். இவ்வளவு மெல்லிய துண்டு வெட்டும்போதே உடையும். அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் நாளடைவில் தட்டினால் ‘டொக் டொக்’ என்று ஓசை கொடுக்கும்.

இதைத் தவிர்க்க, அறையின் நடுவிலிருந்து நூல் பிடித்து ஆரம்பிப்பார்கள். அப்போது நீளவாட்டில் 6 முழு டைல்ஸும் இரு பக்கமும் 32 செ.மீ. துண்டுகளும் வரும். பார்வைக்கு இது அழகு. ஆனால் 32 என்பது 60-இன் பாதியைவிடச் சற்று அதிகம். ஒரு டைல்ஸிலிருந்து 32 செ.மீ. துண்டு ஒன்றுதான் வெட்ட முடியும், மிஞ்சுவது 28 செ.மீ. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் 8 டைல்ஸ் ஆகும். 6 வரிசைக்கு 48. அடிமட்டக் கணக்கைவிட எட்டு டைல்ஸ், அதாவது இரண்டு பெட்டி கூடுதல். பாதியைத் தாண்டிய அந்த 2 செ.மீ. செய்யும் வேலை இது. ஓரத்துண்டு பாதிக்குள் அடங்கினால் ஒரு டைல்ஸ் இரண்டு இடத்துக்குப் போதும். பாதியைத் தாண்டினால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டைல்ஸ் போகும்.

மூன்றாவது வழி, மிஞ்சும் துண்டின் அளவைப் பார்த்து ஓரத்தைத் தீர்மானிப்பது. கடைசி வரிசைக்கு 33 செ.மீ. வெட்டும்போது ஒவ்வொரு டைல்ஸிலும் 26 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் உள்ள பட்டை மிஞ்சுகிறது. ஒரு பக்கச் சுவரோரத்தை 25 செ.மீ. அகலத்தில் வைத்துக்கொண்டால், அங்கே தேவைப்படும் ஆறு துண்டுகளும் இந்த மிச்சப் பட்டைகளிலிருந்தே கிடைத்துவிடும். எதிர்ப் பக்கம் 39 செ.மீ. துண்டு வரும். 6 முழு டைல்ஸும் ஒரு 39 செ.மீ. துண்டும் சேர்ந்து வரிசைக்கு 7 டைல்ஸ்தான். ஆறு வரிசைக்கு 42. மெல்லிய பட்டையும் இல்லை, கூடுதல் டைல்ஸும் இல்லை. வாசலில் நின்று பார்க்கும்போது எந்தச் சுவர் கண்ணில் படுகிறதோ அந்தப் பக்கம் 39 செ.மீ. துண்டையும், பீரோவோ கட்டிலோ மறைக்கும் பக்கம் 25 செ.மீ. துண்டையும் வைத்தால் இரு பக்க அளவு வேறுபாடு யாருக்கும் தெரியாது.

மிச்சத் துண்டு எப்போது உதவும்?

மேலே சொன்ன 42 எண்ணிக்கை, மிச்சத் துண்டை மறுபடி பயன்படுத்தினால்தான் நிற்கும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது விளிம்பு. ஆலையில் தேய்த்து வந்த விளிம்பு நேராகவும் கூர்மையாகவும் இருக்கும். கட்டிங் மெஷினில் வெட்டிய விளிம்பில் பளபளப்பு மேற்பூச்சு பொடிப்பொடியாகச் செதிலடித்திருக்கும். ஆகவே பக்கத்து டைல்ஸைத் தொடும் பக்கங்களில் ஆலை விளிம்பும், சுவர்ப் பக்கம் வெட்டிய விளிம்பும் வர வேண்டும். 26 செ.மீ. பட்டைக்கு ஒரு நீள விளிம்பும் இரண்டு குறுகிய விளிம்புகளும் ஆலை விளிம்புகள், வெட்டுப்பட்டது ஒன்றே ஒன்று. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் ஸ்கர்ட்டிங் மூடிவிடும். இரண்டு எதிரெதிர் பக்கமும் வெட்டுப்பட்ட நடுத்துண்டாக இருந்தால் அது ஓரத்துக்கு ஆகாது.

இரண்டாவது டிசைனின் திசை. கடைசி வரிசையில் மிஞ்சிய பட்டையைப் பக்கச் சுவருக்குக் கொண்டு போகும்போது அது கால்வட்டம் திரும்புகிறது. வெறும் ஐவரி நிறத்திலோ புள்ளி டிசைனிலோ இது தெரியாது. மார்பிள் போல நரம்பு ஓடும் டிசைனிலும், மரப்பலகை போன்ற டிசைனிலும் திரும்பிய துண்டு உடனே காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய டைல்ஸின் முதுகில் திசை காட்டும் அம்புக்குறி இருக்கும். எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று பதித்தால், திரும்பும் துண்டுகள் அனைத்தும் கழிவுதான். அப்போது 25 செ.மீ. ஓரத்துக்குத் தனியாக டைல்ஸ் வெட்ட வேண்டும். 25 பாதிக்குள் அடங்குவதால் ஒரு டைல்ஸுக்கு இரண்டு துண்டு வீதம் 3 டைல்ஸ் கூடி, 42 என்பது 45 ஆகும்.

மூன்றாவது, வெட்டும் வரிசை. பிளேடு செல்லும் பாதையில் 2 மி.மீ. தூளாகப் போகும். எந்தத் துண்டு எங்கே போகிறது என்று முன்கூட்டியே சுண்ணக்கட்டியால் எண் எழுதி வைக்காவிட்டால், அவசரத்தில் நல்ல பட்டையைச் சிறு துண்டுக்கு வெட்டிவிட்டு, பெரிய துண்டுக்குப் புது டைல்ஸ் எடுக்க நேரும். வேலை நடக்கும் இடத்தில் வெட்டுக் கழிவு பெருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்கர்ட்டிங்கும் உடைசலும்

தரைக் கணக்கில் அடிக்கடி விட்டுப்போவது ஸ்கர்ட்டிங். அறையின் சுற்றளவு 50 அடி. மூன்றரை அடி வாசலைக் கழித்தால் 46½ அடி. 60 செ.மீ. நீளத் துண்டுகளாக இதற்கு 24 துண்டு வேண்டும். ஸ்கர்ட்டிங் உயரம் 10 செ.மீ. என்றால் ஒரு டைல்ஸில் 5 துண்டு கிடைக்கும். ஆறாவது துண்டுக்குப் பிளேடு தின்ற இடம் விடாது.

மூன்றாவது முறையில் 39 செ.மீ. ஓரத்தை வெட்டியபோது 21 செ.மீ. பட்டைகள் ஆறு மிஞ்சின. ஒவ்வொன்றையும் நடுவே பிளந்தால் 12 ஸ்கர்ட்டிங் துண்டுகள் ஆகும். பாக்கி 12-க்குப் புதிதாக 3 டைல்ஸ் போதும். தரைக்கு 42, ஸ்கர்ட்டிங்குக்கு 3, மொத்தம் 45. ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பு வெளியே தெரிவதால், வெட்டிய பக்கம் மேலே வரும் துண்டுகளை மெஷினில் தேய்த்து மழுக்க வேண்டியிருக்கும்.

நடுவிலிருந்து பதித்து 48 ஆன முறையையும் இந்த இடத்தில் மறுபடி பார்ப்பது நியாயம். அதில் மிஞ்சிய 28 செ.மீ. பட்டைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்கர்ட்டிங் துண்டு எடுத்தால் 24 துண்டும் கிடைத்துவிடும், புது டைல்ஸ் ஒன்றுகூட வேண்டாம். தரையை மட்டும் பார்க்கும்போது ஆறு டைல்ஸ் வித்தியாசமாகத் தோன்றியது ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்தால் மூன்றாகக் குறைகிறது. இரு பக்கமும் ஒரே அளவு ஓரம் வேண்டும் என்று விரும்புவோருக்கு இது பெரிய செலவு இல்லை. ஸ்கர்ட்டிங்குக்கு வேறு நிற டைல்ஸோ கிரானைட்டோ போடுவதாக இருந்தால் மட்டும் அந்தப் பட்டைகள் குப்பைக்குப் போகும்.

உடைசல் என்பது வெட்டுக் கழிவிலிருந்து வேறானது. லாரியில் வரும்போது மூலை தெறித்தவை, பெட்டியைத் திறந்ததும் மேலே கீறலோ வளைவோ தெரிபவை, வெட்டும்போது குறுக்கே விண்டுபோனவை எல்லாம் இதில் அடங்கும். நேர் பதிப்புக்கு 100-க்கு ஐந்து என்று ஒதுக்குவது போதுமானது. 45-க்கு 2.25 வரும், 3 என்று வைத்துக்கொள்ளலாம். மூலை மட்டும் தெறித்த டைல்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஓரத்துண்டுக்கோ ஸ்கர்ட்டிங்குக்கோ அதை ஒதுக்கி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். ஆக 48 டைல்ஸ், 12 பெட்டி.

சதுரடிக் கணக்கில் 10 சதவீதம் சேர்த்து வாங்கியிருந்தால் 11 பெட்டி, அதாவது 44 டைல்ஸ் வந்திருக்கும். தரை முடிந்துவிடும். ஸ்கர்ட்டிங் பாதியில் நிற்கும்.

மூலைவாட்டுப் பதிப்பு

டைல்ஸைச் சுவருக்கு இணையாக வைக்காமல் 45 பாகை திருப்பி, வைர வடிவில் பதிப்பது மூலைவாட்டுப் பதிப்பு. கடைகளில் டயமண்ட் டிசைன் என்று கேட்பார்கள். இதில் டைல்ஸ் சுவரை நோக்கித் தன் மூலையைக் காட்டி நிற்பதால், சுவரோரம் முழுக்க முக்கோணத் துண்டுகள் விழும். இதற்கு 15 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உண்மையில் எவ்வளவு வீணாகும் என்பது அந்த முக்கோணங்கள் எந்த இடத்தில் வெட்டுப்படுகின்றன என்பதில் இருக்கிறது.

இங்கே அடிப்படை அளவு டைல்ஸின் பக்கம் இல்லை, அதன் மூலைவிட்டம். ஜாயின்ட்டோடு சேர்த்து 60.2 செ.மீ.யை 1.414-ஆல் பெருக்கினால் 85.1 செ.மீ. கிடைக்கும். அறையை 85.1 செ.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு எளிதாகிவிடும். அப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக இரண்டு டைல்ஸ் பரப்பு வேண்டும். ஒரு தாளில் சதுரம் வரைந்து, அதன் நான்கு பக்க நடுப்புள்ளிகளையும் இணைத்தால் உள்ளே வைரமாக ஒரு முழு டைல்ஸ் நிற்பதையும், நான்கு மூலைகளிலும் கால் பங்கு வீதம் இன்னொரு டைல்ஸ் இருப்பதையும் காணலாம்.

எடுத்துக்கொண்ட அறையில் நீளவாட்டில் ஐந்து கட்டம், 425.5 செ.மீ. சுவருக்கு ஒரு பக்கம் 6 மி.மீ. மட்டுமே மீதி, அது ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் மறைந்துவிடும். அகலவாட்டில் நான்கு கட்டத்துக்கு 340.4 செ.மீ. வேண்டும், அறை 335.3 செ.மீ.தான். இரு பக்கமும் சற்றே வெட்டினால் அடங்கும். ஐந்துக்கு நான்கு, 20 கட்டம். கட்டத்துக்கு இரண்டு வீதம் 40 டைல்ஸ்.

இந்த 40 எப்படிப் பிரிகிறது என்றும் பார்க்கலாம். அறையின் மையத்தில் ஒரு டைல்ஸின் மையம் வருமாறு ஆரம்பித்தால், உள்ளே 31 டைல்ஸ் முழுதாக நிற்கும். அவற்றில் நீளச் சுவர்களைத் தொடும் எட்டு டைல்ஸில் மட்டும் 3 செ.மீ. நுனி வெட்டுப்படும். நீளச் சுவர் ஒவ்வொன்றின் ஓரமும் 5 முக்கோணம், குறுகிய சுவர் ஒவ்வொன்றின் ஓரமும் 4 முக்கோணம், ஆக 18. ஒரு டைல்ஸை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் கிடைக்கும் என்பதால் இவற்றுக்கு 9 டைல்ஸ் போதும். 31-உம் 9-உம் 40. நேர் பதிப்பில் 42 கேட்ட தரை, மூலைவாட்டில் 40-இல் முடிகிறது. மூலைவாட்டு என்றாலே அதிகம் வீணாகும் என்ற எண்ணத்துக்கு மாறான முடிவு இது. அறையின் அளவு மூலைவிட்டத்தோடு ஒத்துப்போனதுதான் காரணம்.

ஆறு அங்குலம் கூடினால்

இதே அறை 14 அடிக்குப் பதிலாக 14½ அடி நீளமாக இருந்தால் என்ன ஆகும்? பரப்பு ஐந்தரை சதுரடிதான் கூடுகிறது, அது ஒன்றரை டைல்ஸுக்கும் குறைவு. ஆனால் குறுகிய சுவர்களின் ஓரத்தில் இருந்த எட்டு முக்கோணங்களும் இப்போது பாதியைத் தாண்டிய துண்டுகளாகிவிடும். பாதியைத் தாண்டிய துண்டுக்கு ஜோடி கிடைக்காது. நான்கு டைல்ஸில் முடிந்த எட்டு இடங்களுக்கு எட்டு டைல்ஸ் போகும். அவற்றுக்கு இடையே சுவரோரம் புதிதாகத் தோன்றும் சிறு முக்கோணங்களை வெட்டிய மிச்சத்திலிருந்து எடுத்தாலும், மொத்தம் குறைந்தது 44 ஆகும். அதே 14½ அடி அறையை நேராகப் பதித்தால், நீளவாட்டில் 7 முழு டைல்ஸும் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த ஒரு துண்டும் வரும். அந்தத் துண்டு கடைசி வரிசையின் 26 செ.மீ. மிச்சத்திலேயே கிடைப்பதால் 42-இலேயே முடிந்துவிடும்.

ஆகவே மூலைவாட்டுக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, அறையின் நீள அகலங்கள் 85.1 செ.மீ.யின் மடங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதே. மடங்குக்குச் சற்றுக் குறைந்தால் நல்லது, முக்கோணங்கள் பாதிக்குள் அடங்கும். சற்றுக் கூடினால் செலவு. கூடுதலாக இருக்கும் அறையில் சுவரோரமாக நேர்ப்பட்டை ஒன்றை ஓடவிட்டு, உள்ளே எஞ்சும் இடத்தை மடங்குக்குக் கொண்டுவருவது ஒரு நல்ல வழி. 14½ அடி அறையில் இரு முனைகளிலும் 8 செ.மீ. பட்டை வைத்தால் நடுவில் பழையபடி ஐந்து கட்டம் அமையும். பல வீடுகளில் மூலைவாட்டுத் தரையைச் சுற்றி வேறு நிறத்தில் ஓரப்பட்டை இருப்பதற்கு அழகோடு இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

அறை கோணலாக இருப்பது மூலைவாட்டில் கூடுதல் சிக்கல் தரும். சுவர் ஒரு முனையில் ஒரு அங்குலம் விலகினாலே, அந்தச் சுவரோர முக்கோணங்களில் சில பாதிக்குள்ளும் சில பாதியைத் தாண்டியும் விழும். தாண்டியவை ஒவ்வொன்றும் ஒரு முழு டைல்ஸைக் கேட்கும். மூலைவிட்ட அளவைச் சோதித்துப் பார்க்காமல் மூலைவாட்டுக்கு எண்ணிக்கை சொல்வது இதனால்தான் ஆபத்து.

முக்கோணம் வெட்டும் சிரமம்

மூலைவாட்டில் உடைசல் அதிகம். மூலைக்கு மூலை வெட்டும்போது முக்கோணத்தின் இரு முனைகளும் 45 பாகைக் கூர்மையில் முடிகின்றன. பிளேடு வெளியேறும் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் நுனி முறியும். கோடு கீறி அழுத்தி உடைக்கும் கைக்கட்டர் நேர்வெட்டுக்கு நன்றாக வரும், மூலைவெட்டில் அடிக்கடி கோடு விலகி உடையும். வைரப் பிளேடு போட்ட மெஷினில், தண்ணீர் விட்டு, முதல் ஓட்டத்தில் மேற்பூச்சை மட்டும் கீறி, இரண்டாவது ஓட்டத்தில் முழுதாக அறுப்பது பாதுகாப்பானது. நுனியிலிருந்து உள்நோக்கிச் சிறிது அறுத்துவிட்டு, மறுமுனையிலிருந்து வந்து சேர்ந்தால் நுனி முறிவது குறையும். இந்த 18 முக்கோணங்களையும் எட்டு நுனிவெட்டுகளையும் மனத்தில் வைத்து, உடைசலுக்கு 100-க்கு எட்டு முதல் பத்து வரை ஒதுக்குவது தகும்.

இன்னொரு செலவும் இருக்கிறது. நேர் பதிப்பில் மிஞ்சிய நீளப் பட்டைகள் ஸ்கர்ட்டிங்குக்கு உதவின. மூலைவாட்டில் முக்கோணங்கள் ஜோடி ஜோடியாகத் தரைக்கே போய்விடுவதால் ஸ்கர்ட்டிங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. 24 துண்டுக்கும் 5 டைல்ஸ் புதிதாக வேண்டும். 40-உம் 5-உம் 45. உடைசலுக்கு 4 சேர்த்தால் 49. பெட்டியாக வாங்கும்போது 13. தரையில் மிச்சமான இரண்டு டைல்ஸை ஸ்கர்ட்டிங்கும் உடைசலும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. கடைசியில் நேர் பதிப்பைவிட ஒரு பெட்டி கூடுதலாகிறது.

சதவீதம் எங்கே பொருந்தும்?

நேர் பதிப்புக்கு 5 முதல் 10 சதவீதம், மூலைவாட்டுக்கு 10 முதல் 15 சதவீதம் என்ற வழக்கக் கணக்கு, வீடு முழுவதற்கும் உத்தேசச் செலவு போடுவதற்கு ஏற்றது. பல அறைகளைச் சேர்க்கும்போது ஓர் அறையின் மிச்சம் மற்றோர் அறைக்குப் போகும், ஏற்றத்தாழ்வு சமன்படும். ஒரே ஓர் அறைக்கும், குறிப்பாகக் குளியலறை போன்ற சிறிய இடத்துக்கும் அது பொருந்தாது. சிறிய இடத்தில் முழு டைல்ஸைவிட ஓரத்துண்டே அதிகம் என்பதால் கழிவின் பங்கு பெரிதாகத் தெரியும். டைல்ஸின் அளவு பெரிதாகும்போதும் இதே நிலைதான். நாலுக்கு இரண்டு டைல்ஸில் ஒரு துண்டு வீணானால், அது இரண்டுக்கு இரண்டின் இரு மடங்கு பரப்பு.

துண்டுக் கணக்குக்குக் கட்டம் போட்ட தாளே போதும். பூச்சு முடிந்த அளவை வரைந்து, டைல்ஸை ஜாயின்ட்டோடு கோடிட்டு, ஓரத்துண்டுகளின் அகலத்தை எழுத வேண்டும். பாதிக்குள் அடங்குபவை எவை, தாண்டுபவை எவை என்று பிரித்து, மிச்சம் எங்கே போகும் என்று அம்பு போட்டால் எண்ணிக்கை தானே கிடைக்கும். ஆரம்பிக்கும் புள்ளியைச் சில அங்குலம் நகர்த்தி இரண்டு மூன்று முறை வரைந்து பார்த்தால், எந்த இடத்தில் எண்ணிக்கை குறைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வாங்கும் நாளில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே டிசைன் என்றாலும் வேறு பேட்ச்சில் நிறம் ஒரு சாயல் மாறும், அளவும் நூலிழை வேறுபடும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கும்போது அதே பேட்ச் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் கணக்கிட்ட பெட்டிகளோடு ஒன்று சேர்த்து, எல்லாம் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரே நேரத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து மிஞ்சும் அந்த நான்கைந்து டைல்ஸைப் பெட்டியோடு பரணில் வைத்திருந்தால், பின்னாளில் தண்ணீர்க் குழாய்க்காகத் தரையை உடைக்க நேரும்போது அதே நிறத்தில் ஒட்டுப்போட அவை கைகொடுக்கும்.